தேர்த் திருப்பணி: நன்கொடையாளர்கள் கேட்டதும் எங்கள் பதிலும்

(2025 ஐப்பசி மாத இறுதி நிலவரப்படி. எழுதியவர்: திருப்பணிக் குழுவில் கணக்கு பார்ப்பவர்.)

"மொத்தம் எவ்வளவு ஆகும், இதுவரை எவ்வளவு வந்திருக்கிறது? சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள்."

ஆகும் என்று இன்று நாங்கள் நம்புவது 46,50,000 ரூபாய். வந்தது 35,20,000. செலவானது 29,66,000. கோயிலின் தேர்த் திருப்பணிக் கணக்கில் இருப்பது 5,54,000. இன்னும் தேவை 11,30,000.

பெரிய செலவு மூன்று. இரும்பு அச்சு இரண்டும் சக்கரம் நான்கும், ஏற்றி வந்து பொருத்தியது உட்பட, 11,20,000. மரம், அறுப்புக் கூலி, வண்டி வாடகை எல்லாம் சேர்த்து 8,34,000. இவை இரண்டும் முழுமையாகக் கொடுத்து முடிந்தவை. மூன்றாவது ஸ்தபதி குழுவின் கூலி. சிற்ப வேலை செய்பவர் இருவருக்கு ஆளுக்கு நாளொன்றுக்கு 1,400, தச்சர் இருவருக்கு ஆளுக்கு 1,000, ஆக நாளுக்கு 4,800. முந்நூறு நாள் வேலை என்று கணக்கு. அதில் 190 நாள் முடிந்திருக்கிறது. தேர்க் கொட்டகை, வடம், கிரேன், சாரம், எண்ணெய், ஆணி ஆகியவையும் எதிர்பாராச் செலவுக்கு ஒதுக்கிய 4,20,000 ரூபாயும் மீதித் தொகைக்குள் அடங்கும்.

"2023-ல் 31 லட்சம் என்று சொல்லித்தானே பணம் கேட்டீர்கள்? இப்போது 46 லட்சம் என்றால் என்ன அர்த்தம்?"

முதல் மதிப்பீட்டில் நாங்கள் தவறினோம் என்று அர்த்தம். விலைவாசியின் மீது பழியைப் போட்டுவிடலாம், ஆனால் அது பாதிகூட உண்மையில்லை.

நம் தேருக்கு எத்தனையோ முறை எனாமல் பெயின்ட் அடித்திருக்கிறார்கள். திருவிழாவுக்கு முன் பளபளப்பாக இருக்க வேண்டும் என்று பச்சை, அதன்மேல் சிவப்பு, அதன்மேல் மறுபடி பச்சை. அந்தப் பூச்சோடு தேரைச் சுற்றிவந்து, தட்டிப் பார்த்து, 150 கன அடி மரம் போதும் என்று ஒரு மதிப்பீடு தயாரானது. பெயின்டுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று யாரும் சுரண்டிப் பார்க்கவில்லை; பார்க்கச் சொல்லி நாங்களும் கேட்கவில்லை.

2023 ஆவணியில் தேரைப் பிரித்தபோது, பூதப்பாரின் வடகிழக்கு மூலையில் ஸ்தபதி ஒரு குத்தூசியை வைத்து அழுத்தினார். பூதப்பார் என்பது அச்சின் மேல் உட்கார்ந்து தேரின் பாரம் முழுவதையும் தாங்கும் அடிச்சட்டம். நல்ல இலுப்பையில் குத்தூசி கால் அங்குலம்கூட இறங்காது. அன்று கைப்பிடி வரை இறங்கியது. இழுத்தபோது ஈரத் தூள் ஒட்டிக்கொண்டு வந்தது. பழைய தகரக் கொட்டகையின் ஓட்டை நேராக அந்த மூலைக்கு மேலே இருந்திருக்கிறது. மழைநீர் கட்டைகள் பூட்டியிருக்கும் துளைகளில் இறங்கித் தேங்கியது. பெயின்ட் அந்த ஈரத்தை வெளியே விடாமல் பிடித்து வைத்துக்கொண்டது. வெளியிலிருந்து பார்த்தால் புதுத் தேர், உள்ளே உளுத்த மரம்.

அதனால் மரம் 150 கன அடியிலிருந்து 310 கன அடி ஆனது. அதில் ஏறக்குறைய 4,30,000 கூடியது. வேலை நாள் 200-லிருந்து 300 ஆனதில் 4,80,000. முதல் மதிப்பீட்டில் புதுக் கொட்டகையே இல்லை. தேரைக் கெடுத்த கொட்டகைக்குள்ளேயே திருத்திய தேரைத் திரும்ப விடுவது மடத்தனம் என்பதால் அதற்கு 4,50,000 சேர்த்தோம். எஞ்சிய 1,90,000, எதிர்பாராச் செலவுக்கான ஒதுக்கீட்டைக் கூட்டியதால் வந்தது.

திருத்திய மதிப்பீடு வந்த வாரமே அதை எல்லா நன்கொடையாளருக்கும் அனுப்பினோம். பணத்தைத் திருப்பிக் கேட்டவர்கள் ஆறு பேர். அதுவரை செலவு தொடங்கியிருக்கவில்லை என்பதால் கோயில் நிர்வாகத்தின் ஒப்புதலோடு அறுவருக்கும் திருப்பிக் கொடுத்தோம்.

"2025 பங்குனி உத்திரத்துக்கு ஓடும் என்றீர்களே. எப்போதுதான் ஓடும்?"

2026 பங்குனிக்கும் ஓடாது. 2026 ஆனியில் வெள்ளோட்டம், 2027 பங்குனி உத்திரத்தில் சுவாமியோடு தேரோட்டம். இதுதான் இப்போதைய கணக்கு.

தாமதத்தின் முதல் பகுதி அனுமதி. இது இந்து சமய அறநிலையத் துறையின் கீழ் உள்ள கோயில். ஸ்தபதியின் மதிப்பீடு மண்டல வல்லுநர் குழுவுக்கும், பிறகு மாநில வல்லுநர் குழுவுக்கும் போய்வர வேண்டும். ஏழு மாதம் ஆனது. அதை நான் குறையாகச் சொல்லவில்லை. பழைய சிற்பப் பலகை எதையும் மாற்றக் கூடாது, பழுதானதை மட்டும் மாற்ற வேண்டும் என்று அவர்கள் போட்ட நிபந்தனை நல்ல நிபந்தனை.

இரண்டாவது பகுதி மரம் காய்வது. இதைப் பலர் நம்ப மறுக்கிறார்கள், ஆகவே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். அறுத்த பலகை காற்றில் காய்வதற்கு, அங்குலக் கனத்துக்கு ஓர் ஆண்டு என்பது பொதுவான கணக்கு. நம் வெயிலில் சற்று விரைவாகக் காயும், அவ்வளவுதான். ஈர மரத்தில் வேலை செய்தால் அன்றைக்கு எல்லாம் அச்சாகப் பொருந்தும். ஆறு மாதத்தில் மரம் குறுக்குவாட்டில் சுருங்கும். பூட்டுகள் தளரும், ஆப்புகள் தானாகக் கழன்று விழும், முதல் தேரோட்டத்திலேயே கிறீச் என்று சத்தம் கேட்கும். சத்தம் போடும் தேர் என்றால் உள்ளே பூட்டுகள் அசைகின்றன என்று பொருள்.

2024 தையில் முதல் லோடு மரம் வந்து இறங்கியது. இரண்டு முள் உள்ள ஒரு சிறிய ஈரப்பதமானியைப் பலகையில் குத்தினோம். 34 சதவீதம். நமக்கு வேண்டியது 15-க்குக் கீழே. போதாக்குறைக்குப் பல பலகைகளின் ஓரத்தில் இரண்டு விரல் அகலத்துக்கு வெளிறிய பட்டை மரம். கரையான் முதலில் தேடிப்போகும் பகுதி அது. வியாபாரி "வைரம்தான், காய்ந்தால் கறுத்துவிடும்" என்றார். வைரம் பாய்ந்த மரம் வெட்டிய அன்றே நிறத்தில் தெரியும். அந்த லோடைத் திருப்பி அனுப்பினோம். வேறு இடத்தில் வாங்கிய பலகைகளை நிழலில், இடையிடையே ரீப்பர் வைத்து அடுக்கி, பத்து மாதம் காயவிட்டோம். பூதப்பாருக்கு வேண்டிய பத்து அங்குலக் கட்டைகள் உள்வரை காய வேண்டுமானால் நமக்கு ஆயுசு போதாது. அவற்றுக்கு மட்டும், பல ஆண்டுகளுக்கு முன்பே வெட்டிப் பட்டறையில் கிடந்த இலுப்பையைத் தேடிப் பிடித்தோம்.

உளி வைத்தது 2024 கார்த்திகையில். இதே குழு வேறு கோயில்களிலும் வேலை செய்வதால் மாதத்துக்குச் சராசரியாக 17 நாள்தான் நமக்குக் கிடைக்கிறது. மீதமுள்ள 110 நாளை 17-ஆல் வகுத்தால் ஏறக்குறைய ஆறரை மாதம். 2026 பங்குனி உத்திரம் ஏப்ரல் முதல் தேதியே வந்துவிடுகிறது. அவசரப்படுத்தலாமே என்று சிலர் கேட்டார்கள். கூடுதல் ஆள் போட்டால் தச்சு வேலை வேகமாகும். சிற்ப வேலை வேகமாகாது, கெட்டுப்போகும்.

"தாத்தா காலத்து மரச் சக்கரத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு இரும்புச் சக்கரம் மாட்டுவது எந்த வகையில் புதுப்பித்தல்?"

இந்தக் கேள்வியை எழுதியவரோடு எனக்கு மனத்தளவில் உடன்பாடு உண்டு. ஆனால் பழைய சக்கரங்களைப் பக்கத்தில் நின்று பார்த்த பிறகு வாதாட முடியவில்லை. அச்சு நுழையும் துளை வட்டமாக இல்லை, முட்டை வடிவமாகத் தேய்ந்திருந்தது. தேர் நேராகப் போகாமல் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டே போனதும், முட்டுக்கட்டை போடுகிறவர்கள் ஒவ்வொரு திருப்பத்திலும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடியதும் இதனால்தான்.

96 அடி உயரத் திருவாரூர் ஆழித்தேரே திருச்சி பெல் நிறுவனம் செய்துகொடுத்த இரும்பு அச்சு, சக்கரங்களோடு, ஹைட்ராலிக் பிரேக்கும் வைத்துத்தான் ஓடுகிறது. நம் தேர் அலங்காரத்தோடு 36 அடிதான். ஹைட்ராலிக் பிரேக் வேண்டாம், முட்டுக்கட்டையே போதும் என்று முடிவு செய்தோம். பழைய சக்கரம் நான்கையும் தூக்கிப் போடவில்லை. வேப்பெண்ணெய் பூசிக் கோயில் வடக்குப் பிராகாரத்தில் வைத்திருக்கிறோம்.

"பழைய சிற்பங்கள் பத்திரமாக இருக்கின்றனவா? எங்காவது விற்றுவிட்டால் யாருக்குத் தெரியும்?"

தெரியவேண்டும் என்பதற்காகத்தான் பிரிப்பதற்கு முன்பே ஒவ்வொரு பலகையையும் அளவுகோலோடு சேர்த்துப் படமெடுத்தோம். ஒவ்வொன்றிலும் பித்தளைத் தகட்டில் எண் அடித்திருக்கிறோம். மொத்தம் 212 உருப்படிகள். அதே பட்டியல் செயல் அலுவலரிடம் ஒரு பிரதி, ஸ்தபதியிடம் ஒன்று, எங்களிடம் ஒன்று.

அவற்றில் 14 மட்டும் மீட்க முடியாதவை. அவற்றுக்குப் பதிலாகப் புதியவை செதுக்கப்படுகின்றன. உளுத்த 14-ம் விறகுக்குப் போகாது, அதே எண்ணோடு பெட்டியில் இருக்கும். நூறு ஆண்டுக்கு மேற்பட்ட சிற்பம் சட்டப்படி தொல்பொருள். அதை நாட்டுக்கு வெளியே கொண்டுபோவது குற்றம். கழற்றிப் போட்ட தேர்ப் பலகைகளை "அலங்காரப் பொருள்" என்று விலை பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். எங்களிடமும் ஒருவர் வந்து பேசினார், டீ குடித்துவிட்டுப் போனார்.

புதுப் பலகைகளில் பழைய பாணியைப் பார்த்துச் செதுக்கினாலும், பின்புறத்தில் ஆண்டைப் பொறிக்கச் சொல்லியிருக்கிறோம். ஐம்பது ஆண்டு கழித்துப் பார்ப்பவர் எது பழசு, எது புதுசு என்று ஏமாறக் கூடாது.

"பணம் யார் கணக்குக்குப் போகிறது? உங்கள் சொந்தக் கணக்குக்கா?"

இல்லை. கோயில் பெயரில் உள்ள தேர்த் திருப்பணிக் கணக்குக்கு மட்டும். காசோலையில் செயல் அலுவலர், அறங்காவலர் இருவரும் கையெழுத்திட வேண்டும். குழுவில் உள்ள எங்கள் ஐந்து பேருக்கும் அந்தக் கணக்கைப் பார்க்கும் வசதி உண்டு, எடுக்கும் வசதி கிடையாது.

இதில் நாங்கள் கறாராக இருக்கக் காரணம் இருக்கிறது. 2022-ல் பெரம்பலூர் மாவட்டக் கோயில் ஒன்றின் பெயரில் இணையத்தில் நிதி திரட்டியது வழக்காகி, கைது வரை போனது. அறநிலையத் துறைக் கோயிலுக்கு அனுமதி இல்லாமல் தனியார் வசூல் செய்யக் கூடாது. ஆகவே எந்த ஊர்த் தேருக்குப் பணம் கொடுத்தாலும், கணக்கு கோயிலின் பெயரில் இருக்கிறதா, துறையின் அனுமதிக் கடித எண் என்ன என்று இரண்டைக் கேளுங்கள். கோபித்துக்கொண்டால் கொடுக்காதீர்கள்.

யுபிஐ வழியாக அனுப்பினால் முழுத் தொகையும் வந்து சேர்கிறது. தொடக்கத்தில் நிதி திரட்டும் இணையதளம் ஒன்றின் வழியாகக் கார்டிலும் வாங்கினோம். அதில் 2 சதவீதக் கட்டணமும், கட்டணத்தின்மேல் 18 சதவீத ஜிஎஸ்டியும் போக, நீங்கள் கொடுத்த 1,000 ரூபாயில் எங்களுக்கு வந்தது 976 ரூபாய் 40 காசு. மேலே சொன்ன வரவுக் கணக்கு, இப்படிக் கழிந்து வந்த தொகையின் கணக்குதான்.

"80ஜி வரிவிலக்கு கிடைக்குமா?"

கிடைக்காது. அதற்கென அரசு அறிவிக்கை செய்த கோயில்களின் பட்டியலில் நம் கோயில் இல்லை. புதிய வரி முறையைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு எப்படியும் இந்தக் கழிவு கிடையாது. நாங்கள் கொடுக்கும் ரசீது கோயில் ரசீது. வருமான வரிக்குப் பயன்படாது.

"நான் மலேசியாவில் இருக்கிறேன். அப்பா பிறந்த ஊர் இது. எப்படி அனுப்புவது?"

உங்கள் பாஸ்போர்ட் எந்த நாட்டுடையது என்பதைப் பொறுத்தது. இந்தியப் பாஸ்போர்ட் வைத்துக்கொண்டு வெளிநாட்டில் வேலை பார்ப்பவர் என்றால் இந்திய வங்கிக் கணக்கிலிருந்து தாராளமாக அனுப்பலாம். சட்டம் அதை வெளிநாட்டு நன்கொடையாகப் பார்ப்பதில்லை. மலேசிய, சிங்கப்பூர், கனடா குடியுரிமை பெற்றவர் என்றால், ஓசிஐ அட்டை இருந்தாலும், அது வெளிநாட்டு நன்கொடை. அதை வாங்க 2010-ஆம் ஆண்டு வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி பதிவு வேண்டும். நம் கோயிலுக்கு அந்தப் பதிவு இல்லை.

இதைச் சொல்ல எனக்கே சங்கடமாகத்தான் இருக்கிறது. பினாங்கிலிருந்து ஒரு பெரியவர் 50,000 ரூபாய் அனுப்பிவிட்டார். விவரம் தெரிந்ததும் வங்கி வழியாகவே திருப்பினோம். "என் தங்கை பெயரில் அனுப்புகிறேன்" என்றார். அதுவும் கூடாது, பணம் எங்கிருந்து புறப்பட்டது என்பதைத்தான் சட்டம் பார்க்கிறது. தேரோட்டத்துக்கு நேரில் வந்து வடம் பிடியுங்கள் ஐயா என்று சொல்லியிருக்கிறேன்.

"பணத்துக்குப் பதில் மரமாகத் தரலாமா? எங்கள் கொல்லையில் பெரிய இலுப்பை ஒன்று நிற்கிறது."

தரலாம். ஆனால் ஸ்தபதி வந்து பார்த்துச் சம்மதித்த பிறகு வெட்டுங்கள். ஒருவர் அன்போடு வெட்டி ஏற்றி அனுப்பிய மரம் அளவில் 40 கன அடி இருந்தது. அறுத்தபோது நடுவில் பொந்து. பட்டை மரத்தையும் கழித்தால் வேலைக்கு உதவியது 17 கன அடி. பச்சை மரம் என்பதால் அதுவும் இந்தத் தேருக்கு முக்கியமான இடத்தில் பயன்படாது. மேல்தட்டின் கைப்பிடிச் சட்டங்களுக்காகக் காய்ந்துகொண்டிருக்கிறது. அவர் பெயரில் பதிவேட்டில் ரூபாய் எழுதவில்லை, "17 கன அடி" என்றுதான் எழுதியிருக்கிறோம்.

"கணக்கு காட்டுவோம் என்று எல்லோரும்தான் சொல்கிறார்கள். நீங்கள் என்ன காட்டுகிறீர்கள்?"

ஒவ்வொரு தமிழ் மாதமும் பிறந்து ஐந்து நாளுக்குள் மூன்று தாள்களை அனுப்புகிறோம். முதலாவது வங்கிக் கணக்கு அறிக்கை, நன்கொடையாளர் பெயர்களை மட்டும் மறைத்து. இரண்டாவது பில்களின் படம். மூன்றாவது வேலைப் பதிவேடு: எந்த நாளில் யார் வேலைக்கு வந்தார்கள், எந்த எண் பலகையில் என்ன நடந்தது என்பது.

பில்லைவிட இந்த மூன்றாவதுதான் முக்கியம். 60 கன அடிக்குப் பில் போட்டுவிட்டு 50 இறக்குவது மர வியாபாரத்தில் புதிதல்ல. ஒவ்வொரு கட்டையும் இறங்கும்போதே நீளம், அகலம், கனம் அளந்து, சுண்ணாம்பால் எண் எழுதி, பதிவேட்டில் ஏற்றுகிறோம். பிறகு அந்தக் கட்டை தேரில் எங்கே போனது என்றும் அதே வரியில் எழுதுகிறோம். பில்லில் உள்ள கன அடியையும், தேரில் ஏறிய கன அடியையும், கழிவையும் நீங்களே கூட்டிப் பார்க்கலாம். இலுப்பையில் இதுவரை கழிவு 22 சதவீதம். அதிகம்தான், வாங்கிய கட்டைகள் சில வளைந்திருந்தன. தரம் பிரித்து வாங்கத் தெரியாமல் நாங்கள் கட்டிய கட்டணம் அது.

இரண்டு மாதங்களில் அறிக்கை தாமதமானது. ஆடியில் நான் மருத்துவமனையில் இருந்தேன். வேறு யாருக்கும் கணக்கைத் திறக்கத் தெரியவில்லை. இப்போது குழுவில் இன்னொருவருக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறேன்.

"மீதி 11 லட்சம் வராவிட்டால்?"

தேர் பாதியில் நிற்காது, ஆனால் குறைவாக முடியும். கையிருப்பில் முதலில் முடிப்பது பாரம் தாங்கும் வேலைகள்: பூதப்பார், அதன்மேல் வரும் சட்டங்கள், தேவாசனத் தட்டு. அடுத்தது கொட்டகை. புதுச் சிற்பங்கள் 14-ம் கடைசி. பணம் இல்லையென்றால் அந்த இடங்களில் வெற்றுப் பலகை இருக்கும். பார்க்க நன்றாக இராது, ஆபத்து இல்லை. எதிர்பாராச் செலவுக்கு ஒதுக்கியது மிஞ்சினால் அது கோயில் கணக்கிலேயே தேர்ப் பராமரிப்புக்கு இருக்கும்; ஆண்டுதோறும் கரையான் மருந்தும் வேப்பெண்ணெய்ப் பூச்சும் வேண்டும். எனாமல் பெயின்ட் இனி கிடையாது.

"பாதுகாப்பு? களிமேடு போல ஆகிவிடக் கூடாதே."

2022 ஏப்ரலில் தஞ்சாவூர் அருகே களிமேட்டில் சப்பரம் உயர் அழுத்த மின்கம்பியில் உரசி 11 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு எங்கள் முதல் கூட்டமே தேரின் உயரத்தைப் பற்றித்தான். கீழ வீதியில் கம்பி தாழ்ந்து தொங்கும் இடத்தை அளந்து, மேல் அலங்காரத்தில் ஓர் அடுக்கைக் குறைத்தோம். பழைய உயரத்தைப் பார்த்தவர்களுக்கு வருத்தம் உண்டு. பொதுப்பணித் துறைப் பொறியாளரின் உறுதிச் சான்று இல்லாமல் வெள்ளோட்டமே நடக்காது. தேரோட்ட நாளில் நான்கு வீதியிலும் மின்சாரத்தை நிறுத்திய பிறகுதான் வடத்தில் கை வைப்போம்.

"நேரில் வந்து பார்க்கலாமா?"

வாருங்கள். காலை 8 முதல் மாலை 5 வரை கோயிலின் மேற்கு வாசல் பக்கம் உளிச் சத்தம் கேட்கும். அமாவாசையன்று ஆசாரிகள் வேலை செய்ய மாட்டார்கள், அன்று வந்தால் பூட்டிய கொட்டகையைத்தான் பார்ப்பீர்கள். பதிவேடு சாரத்துக்குப் பக்கத்தில் கயிற்றில் தொங்குகிறது. யாரையும் கேட்காமல் எடுத்துப் புரட்டலாம். கட்டைகளின் மேல் மட்டும் உட்காராதீர்கள், சுண்ணாம்பு எண் அழிந்துவிடுகிறது.